குறியிடப்பட்ட கட்டுரைக்கு எழுத்து மூலமான விசாரணை: முதல்வரிடம் கேட்க வேண்டியது என்ன?

அகமதிப்பீட்டு மதிப்பெண்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் கடைசித் தேதி நெருங்கிவரும் இவ்வேளையில், பசுவந்தனையிலிருந்தும் அக்கம்பக்கத்துக் கரிசல் கிராமங்களிலிருந்தும் கோவில்பட்டிக் கல்லூரிகளுக்குப் பேருந்தேறிச் சென்று படிக்கும் மாணவர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம் தென்படுகிறது. மென்பொருள் ஒரு கட்டுரையை நகல் என்றோ இயந்திரம் எழுதியது என்றோ குறித்துவிட்டால், மாணவன் தன் தரப்பைச் சொல்ல வழி உண்டா என்பதே அது. மாணவர் பேரவைப் பிரதிநிதி முதல்வருக்கு விண்ணப்பம் எழுதித்தான் அந்த வழியைப் பெற வேண்டும் என்ற நிலைமை எவ்வாறு உண்டாயிற்று என்பதை முதலில் காண்போம்.

விதியின் உள்ளே ஒரு விலக்கு

கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் பிறப்பித்த விதிமுறைகள், குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் கணிசமான பாதுகாப்பை அளிக்கின்றன. புகாரைத் துறை அளவில் மூவர் குழு ஒன்று இயற்கை நீதிக் கோட்பாடுகளின்படி ஆராய்ந்து 45 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும்; அதன்மேல் நிறுவன அளவிலான குழு மேலும் 45 நாட்களுக்குள் தன் பரிந்துரையைக் கூறி, அறிக்கையின் பிரதியைச் சம்பந்தப்பட்டவருக்கு அளிக்க வேண்டும். ஆனால் எவ்வகை எழுத்துக்கு இவையெல்லாம் பொருந்தும் என்று வரையறுக்குமிடத்தில், ஆய்வேடுகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் சேர்த்துக்கொண்ட அதே வாக்கியம், ஒப்படைப்புகள், பருவக் கட்டுரைகள், திட்ட அறிக்கைகள், விடைத்தாள்கள் ஆகியவற்றை வெளிப்படையாக விலக்கிவிடுகிறது. கல்வி நேர்மையை வளர்ப்பதே நோக்கம் என்று அறிவிக்கும் விதி, முனைவர் பட்ட ஆய்வாளருக்குத் தரும் விசாரணையை, அகமதிப்பெண்ணை நம்பியிருக்கும் இளங்கலை மாணவிக்குத் தரவில்லை. மென்பொருள் மட்டும் இருவர் எழுத்தையும் சோதிக்கிறது. இந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு முதல்வருடையது. ஆகவேதான் விண்ணப்பம் அவருக்குச் செல்கிறது.

சதவிகிதம் எதைச் சொல்கிறது?

2,000 சொற்கள் கொண்ட ஒரு கட்டுரையில் 600 சொற்கள் பிற நூல்களோடு ஒத்திருப்பதாக அறிக்கை வந்தால், அது 30 சதவிகிதம். அவற்றில் 240 சொற்கள் நூற்பட்டியலாகவும், 180 சொற்கள் ஆதாரம் சுட்டிய மேற்கோள்களாகவும் இருப்பின், 2018 விதியை இங்கும் பொருத்தினால் அவற்றைக் கழிக்க வேண்டும். எஞ்சுவது 9 சதவிகிதம். பத்துக்கு உட்பட்ட ஒற்றுமைக்கு அவ்விதியில் தண்டனையே இல்லை. எனவே முழு அறிக்கையைக் காணாத மாணவனுக்கு முப்பதுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வேறுபாட்டை நிரூபிக்க வழியில்லை.

இயந்திரம் எழுதியது என்ற குறி இதனினும் விபரீதமானது. ஏனெனில் அங்கே ஒப்பிட்டுக் காட்ட மூல நூல் எதுவும் கிடையாது, இருப்பது ஊகத்தின் அளவு மாத்திரமே. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கண்டறி மென்பொருள்களைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் தம் கையால் எழுதிய கட்டுரைகளில் சராசரியாக 61 சதவிகிதத்தை அவை இயந்திரத்தின் எழுத்து என்று தவறாகக் குறித்தன. எளிய, அளவான சொற்களால் எழுதுவதே சந்தேகத்துக்குக் காரணமாகிறது என்றால், தமிழ்வழியில் பயின்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும் நம் பிள்ளைகளின் கதியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஹரியானாவிலுள்ள ஓ.பி. ஜிண்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர் ஒருவர், தம் விடையில் 88 சதவிகிதம் இயந்திரம் எழுதியது என்று குறிக்கப்பட்டுத் தோல்வியுற்றதாக அறிவிக்கப்பட்டபோது, 2024-இல் பஞ்சாப் ஹரியானா உயர்நீதிமன்றத்தை நாடினார். அவர் தேர்ச்சி பெற்றதாகப் பல்கலைக்கழகம் தெரிவித்ததும் வழக்கு முடிந்தது; ஆதலால் அத்தகைய குறி சாட்சியமாகுமா என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவில்லை. சட்டம் பயில்பவருக்கே நீதிமன்றம்வரை செல்ல நேர்ந்ததெனில், ஏனையோருக்குக் கல்லூரிக்குள்ளேயே ஒரு முறை வேண்டும்.

விண்ணப்பத்தில் இடம்பெற வேண்டியவை

குறியிட்ட பகுதிகளோடு முழு அறிக்கையின் பிரதி. எழுத்தில் பதிலளிக்க ஏழு நாள் அவகாசம். வரைவுகளையும் குறிப்பேட்டையும் காட்டி நேரில் விளக்கும் வாய்ப்பு. குறியிட்ட ஆசிரியர் அல்லாத ஒருவர் உட்பட இருவரின் பரிசீலனை. காரணங்களுடன் எழுத்து மூலமான முடிவு. அதுவரை மதிப்பெண்ணை நிறுத்திவைக்காமை. முன்மாதிரி புதிதன்று, 2018 விதியின் இயற்கை நீதியை ஒப்படைப்புகளுக்கும் விரிக்குமாறு கேட்பதே போதும்.

முதல்வர் மறுத்தால்? 2023-இன் மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைப்படி கல்லூரியின் குறைதீர்ப்புக் குழுவிடம் முறையிடலாம். அது 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும்.

அதற்கு மேல்? பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் 15 நாட்களுக்குள் மேல்முறையீடு.

வாய்மொழியாகக் கேட்டால் ஆகாதா? ஆகாது, மேல்முறையீட்டில் காட்ட எதுவும் இராது.

எப்போது கொடுப்பது? மதிப்பெண் பட்டியல் கல்லூரியை விட்டுச் செல்லுமுன், அலுவலக முத்திரையும் தேதியும் இட்ட பிரதியைப் பெற்றுக்கொண்டு.