ஒரே வீடு... இப்போது வேண்டாம்!

பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். அவள் மதுரைப் பெண், வயது 27. பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு லேடீஸ் பி.ஜி.யில் தங்கியிருக்கிறாள், சாப்பாட்டோடு மாதம் 12,000 ரூபாய். அவன் சேலத்துக்காரன், வயது 29. மாரத்தஹள்ளியில் சிங்கிள் பெட்ரூம் வீடு, வாடகை 22,000. இரண்டரை வருடக் காதல். கல்யாணம் செய்துகொள்வதில் இருவருக்குமே சந்தேகம் இல்லை. அவனுடைய 11 மாத அக்ரிமென்ட் மார்ச்சில் முடிகிறது. ஜனவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, தட்டு கழுவிக்கொண்டே அவன் கேட்கிறான்: "ரெண்டு பேரும் தனித்தனியா 34,000 குடுக்கறோம். 28,000க்கு டபுள் பெட்ரூமே கிடைக்குது. சேர்ந்து இருந்துடலாமே?"

மாதம் 6,000 மிச்சம். பி.ஜி. சாப்பாட்டுச் செலவை அவன் கணக்கில் சேர்க்கவில்லை என்பதை விட்டுவிடுவோம். அவளுக்கு வயிற்றைப் பிசைகிறது. அவனை விட்டுப்போகும் எண்ணம் துளியும் இல்லை. ஆனாலும் இப்போது வேண்டாம் என்று உள்ளே ஏதோ சொல்கிறது. அந்த நிமிடத்தில் வாயில் வந்ததைச் சொல்கிறாள்: "அட்வான்ஸ் ஜாஸ்தி கேப்பாங்களே?"

"நான் போட்டுடறேன்" என்கிறான். "என் ஆபீஸ் தூரமாயிடும்" என்கிறாள். "உன் ஆபீஸ் பக்கமே பாக்கலாம்" என்கிறான். பத்து நிமிடத்தில் அவளிடம் காரணமே மிச்சமில்லை. பெரும்பாலான ஜோடிகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். உண்மைக் காரணத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, கையில் கிடைத்த சின்னக் காரணங்களை ஒவ்வொன்றாக நீட்டுகிறோம். எதிரில் இருப்பவர் அன்பாகவே அதையெல்லாம் தீர்த்துக்கொண்டு வருகிறார். எல்லாம் தீர்ந்த பிறகும் நாம் தயங்கினால், "அப்போ பிரச்சினை நான்தான்" என்று அவருக்குத் தோன்றாமல் என்ன செய்யும்?

சரி என்று தலையாட்டிவிடுவது இதைவிட ஆபத்தானது. அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஸ்காட் ஸ்டான்லி, கலீனா ரோட்ஸ், ஹோவர்ட் மார்க்மன் ஆகியோர் 2006இல் எழுதிய ஒரு கட்டுரை இதைப் பற்றியது. யோசித்து முடிவெடுத்துச் சேர்ந்து குடிபோவது ஒன்று. அக்ரிமென்ட் முடிகிறது, வாடகை மிச்சமாகிறது என்று சூழ்நிலை தள்ளத் தள்ள வழுக்கிக்கொண்டு போவது வேறொன்று என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஒரே வீட்டுக்குள் போனதும் இருவர் பெயரிலும் அக்ரிமென்ட், பாதிப் பாதி அட்வான்ஸ், சேர்ந்து வாங்கிய ஃப்ரிட்ஜ் என்று முடிச்சுகள் விழுகின்றன. பிறகு உறவு சரியில்லை என்று தெரிந்தாலும் அவிழ்த்துக்கொண்டு வெளியே வருவது கடினம். அதனால் வீட்டை மாற்றும் முன்பே, ஒருவருக்கொருவர் எவ்வளவு உறுதியாக இருக்கிறோம் என்பதைப் பேசித் தீர்த்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். இது அமெரிக்க ஜோடிகளைப் பார்த்துச் சொன்னது; மாற்றுக் கருத்துள்ள ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் வாடகைத் தேதி நமக்காக முடிவெடுக்க விடக்கூடாது என்பது பெங்களூருக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

அவள் செய்த நல்ல காரியம், அன்று ராத்திரியே பேச்சை முடிக்காததுதான். "நாலு நாள் டைம் குடு, புதன்கிழமை சொல்றேன்" என்றாள். அந்த நாலு நாளில் தன்னையே கேட்டுப் பார்த்தாள். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு மதுரையிலிருந்து அம்மாவின் வீடியோ கால் வரும். அவனைப் பற்றி வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பயம் சட்டத்தைப் பற்றியது அல்ல. வயது வந்த இருவர் விரும்பிச் சேர்ந்து வாழ்வது குற்றமாகாது என்று 2010இல் குஷ்பு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவளுக்கு உறுத்தியது, தினமும் ஒன்பது மணிக்குச் சொல்ல வேண்டியிருக்கும் பொய்.

புதன்கிழமை, வாட்ஸ்அப்பில் அல்ல, நேரில் சொன்னாள். "டேய், உன்னோடதான் என் வாழ்க்கை. அதுல எனக்குக் குழப்பமே இல்ல." அங்கே நிறுத்தினாள். அவன் அதைக் கேட்டு உள்வாங்கும் வரை காத்திருந்தாள். இந்த நிறுத்தம் முக்கியம். அதே மூச்சில் "ஆனா" என்று தொடர்ந்திருந்தால், முதல் வாக்கியம் காற்றோடு போய், பின்னால் வருவது மட்டுமே அவன் காதில் விழுந்திருக்கும். பிறகு சொன்னாள்: "இந்த மார்ச்ல நான் குடிவரல. உன் வீட்டுல உக்காந்துகிட்டு, பி.ஜி.ல இருக்கேன்னு அம்மாகிட்ட தினமும் பொய் சொல்ல என்னால ஆகாது. அப்படி இருந்தா நம்ம வீடே எனக்கு ஒளிஞ்சிருக்கற இடமாயிடும்."

"யோசிப்போம்", "பாக்கலாம்" என்று அவள் மழுப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். மழுப்பலை நம்பி அவன் வீடு பார்க்க ஆரம்பித்து, டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டால், அப்புறம் சொல்லும் "வேண்டாம்" இரட்டிப்பாக வலிக்கும்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "நீ வீட்டுல சொல்லாமயே போயிட்டா?"

வாடகை, அட்வான்ஸ் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த பயம் இதுதான். இதற்கு "என்னை நம்பமாட்டியா?" என்று அவள் கோபப்பட்டிருந்தால் பேச்சு அங்கேயே உடைந்திருக்கும். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இரண்டரை வருடமாக மறைவில் நிற்பவன் அவன். ஆகவே சமாதானம் சொல்லாமல், தன் கையில் இருப்பதைத் தேதியோடு சொன்னாள்: ஏப்ரலில் ஊருக்குப் போகும்போது அக்காவிடம் பேசுவது, ஆடி பிறப்பதற்குள் அம்மா அப்பாவிடம், ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து இதே பேச்சைத் திரும்ப எடுப்பது. ஜூலையில் குடிவருகிறேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. ஜூலையில் பேசுவோம் என்றாள். இந்த வித்தியாசத்தை வாய்விட்டே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அவன் குடிவரும் தேதியாக அதைக் குறித்துக்கொள்வான்.

"எனக்குத் தயாரானதும் சொல்றேன்" என்பது ஏன் உதவாது என்றால், அதை எதிராளியால் பார்க்கவோ அளக்கவோ முடியாது. அக்காவிடம் சொன்னாளா இல்லையா என்பது தெரிந்துவிடும். ஜூலை வந்து, அக்காவிடமும் சொல்லாமல், காரணம் மட்டும் "வேலை டென்ஷன்" என்று மாறியிருந்தால், அவள் மனதில் இருப்பது "இப்போது வேண்டாம்" அல்ல, "வேண்டாம்" என்று இருவருமே சந்தேகிக்கலாம். அவளும் தன்னிடமே அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவனுக்கும் உரிமை உண்டு. இவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்று அவன் சொன்னால் அது மிரட்டல் ஆகாது. இருவர் வேகமும் ஒன்றாக இல்லை என்ற தகவல் அது. அதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அவன் காத்திருக்கச் சம்மதித்தான். வருத்தமாக இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. மார்ச்சில் ஓனர் ஐந்து சதவீதம் ஏற்றி 23,100 கேட்டார். இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தால் நடுவில் காலி செய்யலாம் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லி, பழைய வீட்டுக்கே கையெழுத்துப் போட்டான். வீட்டுச் சாவிக்கு ஒரு டூப்ளிகேட் செய்து அவளிடம் கொடுத்தான்.

ஏப்ரலில் மதுரை வீட்டு மொட்டை மாடியில், துணி காயப்போட்டுக்கொண்டே அக்காவிடம் சொன்னாள். அக்கா கையிலிருந்த சேலையைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பி, "போட்டோ இருக்கா? காட்டு" என்றாள்.