பற்றாக்குறையும் நட்டமும்: அரசின் கணக்கேடு காட்டுவதும் காட்டாததும்

செஞ்சி வட்டாரத்து மண்டகப்பட்டில், மார்ச்சுத் திங்கள் ஒன்றில், ஓர் உழவர் தம் கிணற்று மின்மோட்டாரை இயக்குகிறார் எனக் கொள்வோம். தமிழ்நாட்டில் உழவுக்கு மின்சாரம் இலவசம். ஆகவே அவருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்த மின்சாரத்துக்கு ஒரு விலை உண்டு. அதை மின்பகிர்மான நிறுவனம் உற்பத்தி செய்திருக்க வேண்டும், அல்லது பிறரிடம் வாங்கியிருக்க வேண்டும். அந்தக் கட்டணத்தை அரசு மானியமாக நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. கிணற்றிலிருந்து நீர் வந்தது ஒருமுறைதான். அந்நிகழ்ச்சி இரண்டு கணக்கேடுகளில், இரு வேறு நாள்களில், இரு வேறு பெயர்களில் பதிவாகிறது. அவ்வேறுபாட்டை ஈண்டு நோக்குவோம்.

மின் நிறுவனம் கம்பெனிச் சட்டத்தின்கீழ் அமைந்தது. அது நிகழ்வு அடிப்படையில், அதாவது வணிகவியலார் அக்ரூவல் என வழங்கும் முறையில், கணக்கு வைக்கக் கடமைப்பட்டது. மார்ச்சில் வாங்கிய மின்சாரத்துக்கு ஜூனில் பணம் கொடுத்தாலும் அது மார்ச்சுச் செலவே. கொடுபடாத தொகை மார்ச்சு 31-ஆம் நாளைய இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பாக நிற்கும்.

அரசின் கணக்கோ ரொக்க அடிப்படையிலானது. கருவூலத்தில் பட்டியல் ஏற்கப்பட்டுப் பணம் வெளியேறினால்தான் அது செலவு. மார்ச்சு மாதத்துக்குரிய மானியம் ஏப்ரல் முதல் வாரத்தில் வழங்கப்பட்டால், அது அடுத்த நிதியாண்டின் செலவாகிவிடும். மார்ச்சு இறுதி நாள்களில் கருவூலங்களில் நெரிசல் மிகுவதற்கும், சிற்சில பட்டியல்கள் அமைதியாக ஏப்ரலுக்கு நகர்வதற்கும் காரணம் இதுவே. பட்டியலை நகர்த்தினால் இவ்வாண்டுப் பற்றாக்குறை குறையும், கடமை குறையாது.

இனி, பற்றாக்குறை என்னும் சொல்லுக்கு வருவோம். நாளேடுகள் பெரிதும் பேசுவது நிதிப் பற்றாக்குறையை. அரசின் மொத்தச் செலவிலிருந்து, கடனாகப் பெறாத வரவுகள் அனைத்தையும் கழித்தால் எஞ்சுவது அது. சுருங்கச் சொன்னால், அவ்வாண்டில் அரசு கடன் வாங்கித் திரட்ட வேண்டிய தொகை. இதை நட்டம் என்று மொழிபெயர்ப்பது பெரும்பிழை.

மண்டகப்பட்டில் அரசு 1 கோடி ரூபாயில் ஒரு பள்ளிக் கட்டடம் எழுப்புவதாகக் கொள்வோம். அக்கோடி முழுவதும் கட்டிய ஆண்டின் நிதிப் பற்றாக்குறையில் ஏறிவிடும். கம்பெனி ஒன்று அதே கட்டடத்தைக் கட்டினால், அக்கோடி செலவே ஆகாது. ரொக்கம் சொத்தாக உருமாறியது, அவ்வளவே. கட்டடம் 50 ஆண்டு நிற்குமெனில், ஆண்டுதோறும் 2 லட்சம் ரூபாய் தேய்மானமாக இலாப நட்டக் கணக்கில் ஏறும். ஆக, முதலாண்டில் அரசின் கணக்கு கம்பெனியின் கணக்கைவிட மிகையாகக் காட்டுகிறது. பின்வரும் 49 ஆண்டுகளில் குறைத்துக் காட்டுகிறது. கூரை ஒழுகினாலும் அரசின் ஏட்டில் தேய்மானம் என்றொரு வரி இல்லை.

வருவாய்ப் பற்றாக்குறை நட்டத்துக்குச் சற்று நெருங்கிய உறவு. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் ஆகியவை வரி முதலிய வருவாயை விஞ்சும் அளவே அது. எனினும் அதிலும் தேய்மானம் இல்லை. கொடுபடாத பட்டியல்கள் இல்லை. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள ஆசிரியர் ஒருவர் இன்று பணியாற்றி ஈட்டும் ஓய்வூதிய உரிமையும் இல்லை. அவர் ஓய்வு பெற்றுத் தொகை பெறும் மாதத்தில்தான் அது கணக்குக்கு வரும்.

இவ்விரண்டு முறைகளும் நேருக்கு நேர் சந்தித்த நிகழ்ச்சி ஒன்று நம் மாநிலத்திலேயே உண்டு. தமிழ்நாடு மின்சார வாரியம் 2010-இல் பிரிக்கப்பட்டபோது டான்ஜெட்கோ என்னும் நிறுவனம் தோன்றியது. (2024-இல் அதுவும் மறுசீரமைக்கப்பட்டு, பகிர்மானப் பணி தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்திடம் சென்றது.) மின்சாரம் வாங்கும் செலவும் வட்டியும் கட்டண வருவாயை மிஞ்ச, ஆண்டுதோறும் நட்டம், நட்டத்தை ஈடுகட்டக் கடன், கடனுக்கு மேலும் வட்டி. இவையெல்லாம் நிறுவனத்தின் ஏட்டில் அந்தந்த ஆண்டே நட்டமாகப் பதிந்தன. ஆனால் உரிமையாளரான அரசின் பற்றாக்குறையில், அரசு கொடுத்த மானியமும் முதலீடும் தவிர, அந்நட்டம் தென்படவில்லை.

ஒன்றிய அரசு 2015 நவம்பரில் உதய் திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாடு 2017 ஜனவரியில் அதில் கையெழுத்திட்டது. நிறுவனத்தின் கடன் 30,420 கோடி ரூபாயில் முக்கால் பங்கான 22,815 கோடியை மாநில அரசு ஏற்றது. அரசு கடன் பத்திரங்களை வெளியிட்டு, அத்தொகையை நிறுவனத்துக்குக் கடனாகக் கொடுத்தது. 2016-17-ஆம் ஆண்டின் நிதிப் பற்றாக்குறை அந்த 22,815 கோடியால் ஒரேயடியாக உயர்ந்தது. அதனால் ஒரு மின்கம்பமும் புதிதாக நடப்படவில்லை. நட்டம் அவ்வாண்டில் நேர்ந்ததும் அன்று. பல ஆண்டுகளாக ஓர் ஏட்டில் கிடந்தது, ஒரே ஆண்டில் மற்றோர் ஏட்டுக்கு வந்தது. இதனை உணர்ந்தே, இவ்வாறு ஏற்ற கடனை அவ்விரு ஆண்டுகளின் பற்றாக்குறை வரம்பில் சேர்ப்பதில்லை என ஒன்றிய அரசு விதி வகுத்திருந்தது. வரம்பில் சேராவிட்டாலும் வட்டி சேரும் என்பதை மறத்தலாகாது.

அடுத்த படி இன்னும் நுட்பமானது. கடனாகக் கொடுத்தமையால் அது அவ்வாண்டின் வருவாய்ப் பற்றாக்குறையைத் தொடவில்லை. அக்கடனை ஆண்டுக்கு 4,563 கோடி வீதம் ஐந்து தவணைகளில் மானியமாக மாற்றுவது ஏற்பாடு. ஒவ்வொரு தவணையிலும் 4,563 கோடி மானியம் என வருவாய்ச் செலவில் எழுதப்படும். அதே தொகை கடன் திரும்பியதாக மூலதன வரவில் எழுதப்படும். வருவாய்ப் பற்றாக்குறை அந்த அளவுக்கு ஏறும். நிதிப் பற்றாக்குறை அசையாது. ஒரு ரூபாயும் கைமாறாது. திரும்பி வாராது என்று அறிந்த பணத்தைக் கடன் என எழுதி, பின்னர்ச் சிறிது சிறிதாக உண்மையை ஒப்புக்கொள்ளும் முறை இது. நிகழ்வு அடிப்படையில் கணக்கு வைக்கும் வங்கியாயின், கொடுத்த ஆண்டிலேயே வாராக்கடனுக்கு ஒதுக்கீடு செய்திருக்க வேண்டும்.

எனவே ஒரு மாநிலத்தின் நிலையை அறிய விரும்புவோர் பற்றாக்குறை எண்ணோடு நின்றுவிடலாகாது. மாநிலக் கணக்காயர் தொகுக்கும் நிதிக் கணக்குகளில், பொது நிறுவனங்களின் கடன்களுக்கு அரசு அளித்த உத்தரவாதங்களுக்கென ஓர் அறிக்கை உண்டு. அதில் எண் வளர்ந்துகொண்டே போய், பற்றாக்குறை மட்டும் அடங்கியிருந்தால், சுமை வேறோர் ஏட்டில் குவிகிறது என ஐயுறலாம்.

அரசும் நிகழ்வு அடிப்படைக்கு மாறினால் என்ன? நியூசிலாந்து 1990களின் தொடக்கத்திலேயே மாறியது. இந்தியாவில் பன்னிரண்டாம் நிதிக்குழு அவ்வாறே பரிந்துரைத்தது; கணக்குத் தரங்களை வகுக்க 2002-இல் ஒரு வாரியமும் அமைந்தது. தமிழ்நாட்டின் நகராட்சிகள் அம்முறைக்கு மாறியுள்ளன. ஒன்றிய, மாநில அரசுகளின் கணக்கு இன்றும் ரொக்க அடிப்படையிலேயே உள்ளது. தயக்கத்துக்கு ஆள்பற்றாக்குறை மட்டும் காரணமன்று. ரொக்கத்தில் ஊகத்துக்கு இடம் குறைவு. சட்டமன்றம் ஒப்பளித்த தொகைக்கு மேல் செலவாயிற்றா என்பதை எளிதில் சரிபார்க்கலாம். தேய்மானமும் ஒதுக்கீடும் மதிப்பீட்டைச் சார்ந்தவை; மதிப்பிடுவோர் விரும்பினால் வளைப்பர்.

சொத்துகளை மதிப்பிடுவதும் எளிதன்று. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றி எடுத்ததாகத் தன் கல்வெட்டிலேயே கூறும் முதலாம் மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக் குகைக்கோயிலை இருப்புநிலைக் குறிப்பில் எவ்விலைக்கு எழுதுவது? கட்டிய செலவு தெரியாது, விற்க இயலாது, வருவாயும் பெரிதில்லை. ஒரு ரூபாய் என்று பெயரளவில் எழுதுவதே பலர் கூறும் வழி. ஆயின் அதைக் காக்க ஆகும் காவலர் சம்பளம் ஒரு ரூபாய் அன்று. அது மாதந்தோறும் ரொக்கமாகவே போகிறது.