மோட்டார் போட்டால் விளக்கு ஏன் மங்குகிறது?

தாம்பரத்துக்கு அப்பால், புதிதாக மனை பிரித்த பகுதியில் என் அக்காவின் வீடு இருக்கிறது. மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு 40 மீட்டர். காலையில் போர் மோட்டாரின் பச்சைப் பொத்தானை அழுத்தினால், பூஜை அறையின் குண்டு பல்பு சட்டென்று சிவந்து மங்கும். பிறகு தேறிக்கொள்ளும். ஆனால் மோட்டார் ஓடும்வரை பழைய வெளிச்சம் முழுதாகத் திரும்பாது. அக்கா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்துச் சரிசெய்துவிட்டுப் போனார். அன்று மாலை, தான் செய்தது என்ன, ஏன் செய்தார் என்று கைபேசியில் ஒரு நீண்ட செய்தி அனுப்பியிருந்தார். அது பல வீடுகளுக்குப் பொருந்தும் என்பதால் அவர் அனுமதியோடு அதன் பகுதிகளை இங்கே தருகிறேன்.

“அக்கா, மோட்டார் கெட்டுப்போகவில்லை. உங்கள் 1 எச்பி மோட்டார் ஓடும்போது 7 ஆம்பியர்தான் இழுக்கிறது. ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் அந்த ஒரு நொடிக்கு 35, 36 ஆம்பியர் கேட்கும். எல்லா மோட்டாருக்கும் இது இயல்பு.”

ஐந்து மடங்கு ஏன்? மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் ஒரு காந்தப்புலம் உருவாகிச் சுழலத் தொடங்கும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், போர் மோட்டார்களில் அது நிமிடத்துக்கு 3000 சுற்று. நடுவில் இருக்கும் ரோட்டரை அது இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பொத்தானை அழுத்திய கணத்தில் காந்தப்புலம் முழு வேகத்தில் போகிறது, ரோட்டரோ அசையாமல் நிற்கிறது. ஓடும் பேருந்தின் கம்பியை நின்றபடியே பிடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இழுக்கும். கூடவே ஓடிப் பிடித்தால் அந்த இழுப்பு சிறிதுதான். ரோட்டரும் அப்படித்தான். வேக வித்தியாசம் பெரிதாக இருக்கும்வரை மோட்டார் அதிக மின்சாரத்தை இழுக்கும். நிமிடத்துக்கு 2800 சுற்றைத் தாண்டி ரோட்டர் கூடவே ஓடத் தொடங்கியதும் 7 ஆம்பியருக்கு இறங்கிவிடும்.

அதற்காக விளக்கு ஏன் மங்க வேண்டும்? எலக்ட்ரீஷியன் எழுதுகிறார்: “மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ஒரே குழாய் இறங்குகிறது என்று வையுங்கள். தோட்டத்தில் குழாயை முழுக்கத் திறந்தால் குளியலறையில் தண்ணீர் மெலிந்துவிடும். தொட்டியில் தண்ணீர் குறையவில்லை, குழாயில் வேகம் கூடியதால் வழியிலேயே அழுத்தம் போய்விடுகிறது. கம்பத்திலிருந்து வரும் வயரும் அந்தக் குழாய் மாதிரிதான்.”

வயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்கு ஒரு மின்தடை உண்டு. அக்கா வீட்டு சர்வீஸ் வயர் 4 சதுர மில்லிமீட்டர் அலுமினியம். போக 40, வர 40 என்று 80 மீட்டருக்குச் சுமார் 0.6 ஓம் தடை. மோட்டார் ஓடும்போது அதில் 4 வோல்ட் கரையும். கிளம்பும்போது 35 ஆம்பியரை 0.6 ஆல் பெருக்கினால் 21 வோல்ட் கரையும். 230 வோல்ட், சுமார் 209 ஆகிவிடும். குண்டு பல்புக்கு இது பெரிய அடி. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அதன் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே குறையும். கூடத்து எல்இடி விளக்கு மங்காததற்குக் காரணம், நல்ல எல்இடியின் உள்ளே இருக்கும் சர்க்யூட் வோல்ட் ஏறி இறங்கினாலும் விளக்குக்குப் போகும் மின்சாரத்தை ஒரே அளவில் வைத்திருக்கும். எனவே விளக்கு மங்கவில்லை என்பதால் வயரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

கணக்குப்படி மோட்டார் ஓடும்போது 4 வோல்ட்தான் குறைய வேண்டும். அக்கா வீட்டில் குறைந்தது 8. அங்கேதான் எலக்ட்ரீஷியனுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

“கிளம்பும் நேரத்து வோல்டைச் சாதாரண மீட்டரில் பிடிக்க முடியாது அக்கா, அதற்குள் முடிந்துவிடும். அதனால் ஓடும்போது பார்த்தேன். மோட்டார் நிற்கும்போது 230, ஓடும்போது 222. பிறகு மெயின் போர்டில் நியூட்ரல் வயர் நுழையும் ஸ்க்ரூவைப் பார்த்தேன். மீட்டரின் ஒரு முனையை வயரிலும் இன்னொன்றைப் பித்தளைக் கட்டையிலும் வைத்தேன். இரண்டும் ஒன்றோடொன்று இறுகித் தொட்டுக்கொண்டிருந்தால் பூஜ்யம்தான் காட்ட வேண்டும். 4 வோல்ட் காட்டியது.”

நாற்பது மீட்டர் வயர் தின்றதை அந்த ஒற்றை ஸ்க்ரூவும் தின்றிருக்கிறது. 4 வோல்ட்டை 7 ஆம்பியரால் பெருக்கினால் 28 வாட். சர்க்யூட் போர்டில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னின் சூடு ஏறக்குறைய அவ்வளவுதான். அது ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள், மோட்டார் ஓடும் ஒவ்வொரு நாளும் எரிந்துகொண்டிருந்தது. வயரின் மேலுறை பழுப்பேறி நொறுங்கும் நிலையில் இருந்ததாம். அலுமினியம் சூட்டில் விரிந்து குளிர்ந்து சுருங்கும்போது ஸ்க்ரூவின் பிடி தளரும், மேல்பரப்பில் மின்சாரம் பாயாத ஒரு படலமும் படியும். தளர்ந்தால் சூடு, சூட்டினால் மேலும் தளர்ச்சி. இப்படித்தான் பல மெயின் போர்டுகள் கருகுகின்றன. எம்சிபி இதைத் தடுக்காது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மின்சாரம் 7 ஆம்பியருக்கு மேல் போகாததால் அதற்கு எதுவும் தெரியாது.

மெயினை அணைத்து, கருகிய நுனியை வெட்டி, புது நுனியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதிய கட்டையில் இறுக்கினார். ஓடும்போது இப்போது 226. அக்கா ஒரு ஸ்டெபிலைசர் வாங்கலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றிருக்கிறார். கணநேரச் சரிவுக்கு அது ஈடுகொடுப்பதற்குள் மோட்டார் கிளம்பிவிடும், சூடாகும் ஸ்க்ரூவை அது மறைத்துத்தான் வைக்கும்.

செய்தியின் கடைசிப் பகுதியை அப்படியே தருகிறேன்.

“இனியும் மோட்டார் போடும்போது குண்டு பல்பு லேசாகக் கண் சிமிட்டும். அது வயரின் நீளத்தால் வருவது, பயப்பட வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்துத் தடித்த சர்வீஸ் வயர் போட வேண்டும். ஆனால் மங்கல் இரண்டு மூன்று நொடி நீடித்தாலோ, மோட்டார் சுற்றாமல் உறுமினாலோ உடனே சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். பெட்டியில் இருக்கும் கெபாசிட்டர் பலவீனமாகியிருக்கும், அல்லது பம்ப் மண்ணில் சிக்கியிருக்கும். வோல்ட் குறைவாக இருக்கும்போதும் போடாதீர்கள். 180 வோல்ட்டில் மோட்டாருக்குக் கிளம்பும் பலம் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் இருக்கும். உறுமி உறுமிச் சுருள் எரிந்துவிடும். ஒரு விளக்கு மங்கும்போது இன்னொன்று வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், மெயினை அணைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். நியூட்ரல் அறுந்திருக்கும். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் போய்விடும். ஆறு மாதம் கழித்து ஸ்க்ரூவைப் பார்க்க வருகிறேன். அதுவரை மாதம் ஒருமுறை, மோட்டார் நிற்கும்போதும் ஓடும்போதும் பெட்டி மீட்டர் என்ன காட்டுகிறது என்று எழுதி வையுங்கள்.”

போன வாரம் நான் போனபோது, அக்கா வீட்டு நாட்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் 230, 226 என்று எழுதியிருந்தது.