சங்கராந்தி வாரத்தில் லிஃப்ட் நின்றால் யார் வருவார்?

ஒரே ஒரு மின்னஞ்சல். அச்செடுத்தால் ஒரு பக்கம்கூட வராது. அது உருவான விதத்தைச் சித்தூரில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது, அந்தக் குஷி இன்னும் அடங்கவில்லை!

எழுதியவர் லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் சர்வீஸ் மேனேஜர். பெறுபவர் திருப்பதி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு லாட்ஜின் நிர்வாகி. ஐந்து மாடி, இரண்டு லிஃப்ட், வருடாந்திர பராமரிப்பு ஒப்பந்தம். விஷயம், 2025 சங்கராந்தி வாரம். மெக்கானிக்குகள் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறார்கள், அலுவலகம் இரண்டு நாள் மூடல், லிஃப்ட் நின்றால் யார் வருவார், எப்போது வருவார் என்று சொல்ல வேண்டும். சாதாரண அறிவிப்புதானே என்றுதான் தோன்றும். உள்ளே எட்டிப் பாருங்கள்!

முதலில் காலண்டர். ஆந்திரக் கணக்கில் ஜனவரி 13 போகி, 14 சங்கராந்தி, 15 கனும. தமிழ்நாட்டுக் கணக்கில் 14 பொங்கல், 15 மாட்டுப் பொங்கல், 16 காணும் பொங்கல். சித்தூர் எல்லை ஊர்; 1911-இல் மாவட்டம் பிரியும்வரை வட ஆற்காட்டோடு சேர்ந்திருந்த பூமி. மேனேஜரின் ஆட்களில் பாதிப் பேர் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள், பாதிப் பேர் வேலூர்ப் பக்கத்துத் தமிழர்கள். தெலுங்குக்காரருக்கு 13 முதல் 15 வரை லீவு வேண்டும், தமிழருக்கு 14 முதல் 16 வரை. இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார் மேனேஜர். 13-ஐத் தமிழர்கள் பார்த்துக்கொள்வார்கள், 16-ஐத் தெலுங்குக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆள் இல்லாமல் மெலிந்து நிற்பவை 14-ம் 15-ம் மட்டும்! ஒரு வாரப் பிரச்சினை இரண்டு நாளாகச் சுருங்கியதைப் பார்த்து நான் கைதட்டியே விட்டேன்.

அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை. "அண்ணா, இந்தத் தடவை வைகுண்ட ஏகாதசி எப்போ தெரியுமா? ஜனவரி 10. சொர்க்கவாசல் 19 வரைக்கும் திறந்திருக்கும்" என்றார். ஊரெல்லாம் லீவு எடுக்கும் அதே வாரத்தில் திருப்பதி லாட்ஜ்களில் கட்டில் காலியிருக்காது. நம் ஆள் குறையும் நாளும் அவர்கள் லிஃப்ட் ஓய்வில்லாமல் ஓடும் நாளும் ஒன்றே. அந்தப் பத்து நாளுக்கும் முதியோர், கைக்குழந்தை வைத்திருப்போர் போன்றோருக்கான சிறப்பு தரிசனங்கள் இல்லை என்று தேவஸ்தானமே முன்கூட்டி அறிவித்திருந்தது. எது நடக்கும், எது நடக்காது, எந்தத் தேதிவரை என்பது பக்தருக்கு வீட்டிலேயே தெரிந்துவிட்டது. மேனேஜரும் தன் கடிதத்தில் அந்தத் தெளிவைத்தான் தேடினார்.

அவருடைய முதல் வரைவை எனக்குக் காட்டினார். "பண்டிகை நாட்களில் அவசரத் தேவைகளுக்கு மட்டும் குறைந்த பணியாளர்களுடன் சேவை வழங்கப்படும்." படிக்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. அவர் அதில் 'அவசரம்' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். நடுராத்திரி லிஃப்டுக்குள் மின்விசிறி சுற்றாவிட்டால் லாட்ஜ்காரருக்கு அதுவும் அவசரம். எது அவசரம் என்று கடிதமே சொல்லாவிட்டால், ஒவ்வோர் அழைப்பிலும் அதையே பேசித் தீர்க்க வேண்டியிருக்கும். ஆகவே மூன்றாகப் பிரித்தார். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டது ஒன்று. இரண்டு லிஃப்டும் நின்றுபோனது இன்னொன்று. ஒரு லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்க மற்றது நின்றது, சத்தம், விளக்கு, விசிறி இவையெல்லாம் மூன்றாவது.

அடுத்த தடை தூரம். சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் எழுபது கிலோமீட்டர். பண்டிகைச் சாலையில் இரண்டு மணி நேரம் தாராளமாக ஆகும். "சித்தூரிலிருந்து ஆள் வருவார்" என்று எழுதினால் அது வெறும் ஆறுதல். மாட்டிக்கொண்டவருக்கு உதவ வேண்டியவர் திருப்பதிக்குள்ளேயே படுத்திருக்க வேண்டும். அதுவும் ஒருவர் போதாது! கையால் பிரேக்கைத் தளர்த்திப் பெட்டியை மெல்ல நகர்த்த மேலே மெஷின் ரூமில் ஒருவர் வேண்டும், பெட்டி தளத்துக்குச் சரியாக வந்துவிட்டதா என்று பார்த்துக் கதவைத் திறக்கக் கீழே ஒருவர் வேண்டும். ஆக, பட்டியலில் எந்த நேரத்துக்கும் இரண்டு பெயர்.

மிகக் கடினமான பொழுது 14-ஆம் தேதி காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை. தமிழர் வீட்டில் பானை பொங்கும் நேரம், தெலுங்கர் வீட்டில் பெரியவர்களுக்குப் படைக்கும் நேரம். அதைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டவர் ஒரு முஸ்லிம் மெக்கானிக். ரம்ஜான் அன்று அவருடைய முறையை மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அந்த அலுவலகத்தில் இது வருடாவருடம் நடக்கும் கைமாற்று. 15-க்குச் சந்திரகிரிப் பக்கத்து இளைஞரிடம் யாரும் கேட்கவே இல்லை. கனுமையொட்டி அங்கே பசுவுல பண்டுக! கொம்பில் தட்டி கட்டி ஓடிவரும் மாடுகளை விட்டுவிட்டு எந்தப் பிள்ளை லிஃப்ட் பார்க்க வருவான்? திருப்பதியிலேயே குடும்பத்தோடு வாழும், வீட்டில் மாடில்லாத ஒரு தமிழர் அந்த நாளை ஏற்றுக்கொண்டார்.

இப்போது கடிதம். ஜனவரி 3, வெள்ளிக்கிழமை அனுப்பியது ஆங்கிலத்தில்; தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம் சார். ஜனவரி 13 திங்கள் முதல் 16 வியாழன் வரை எங்கள் சேவை நேரம் மாறுகிறது. 13, 16 தேதிகளில் அலுவலகம் காலை 9 முதல் 1 வரை. 14, 15 தேதிகளில் அலுவலகம் இல்லை. 17 வெள்ளி முதல் வழக்கம்போல்.

லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் எந்த நாளும் எந்த நேரமும் வருவோம். வழக்கமாக 30 நிமிடம். 14, 15-இல் 45 நிமிடம் ஆகலாம். இரண்டு லிஃப்டும் நின்றால் 2 மணி நேரத்துக்குள் வருவோம். ஒரு லிஃப்ட் மட்டும் நின்றால் அல்லது சிறு புகார்களுக்கு 17 காலையில் முதல் வேலையாக வருவோம்.

நாங்கள் சொல்லும் நேரம் வந்து சேரும் நேரம். சரிசெய்து முடிக்கும் நேரம் அல்ல. கதவு உருளை, கான்டாக்டர் போன்றவற்றைத் திருப்பதியிலேயே வைத்திருப்போம். கன்ட்ரோல் போர்டு பழுதானால் அது சென்னையிலிருந்து வர வேண்டும், அங்கும் விடுமுறை. அப்படியானால் 17 வரை அந்த லிஃப்ட் ஓடாது.

14-இல் வரவேண்டிய மாதாந்திர சர்வீஸை முன்கூட்டியே 7 செவ்வாய்க்கு மாற்றுகிறோம். உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள். ஒரு லிஃப்ட் முடிந்த பிறகே மற்றதை நிறுத்துவோம்.

முதலில் திருப்பதிப் பணியாளரை அழையுங்கள். 10 நிமிடத்தில் எடுக்காவிட்டால் சூப்பர்வைசர். அவரும் எடுக்காவிட்டால் நான்."

கீழே மூன்று கைபேசி எண்கள், கூடவே பணியாளர் பட்டியல். அவ்வளவுதான்! போர்டு பற்றிய வரியை நீக்கிவிடலாமா என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டாராம். ஏற்கனவே பயத்தில் இருக்கும் வாடிக்கையாளரை இன்னும் பயமுறுத்துவானேன் என்பது அவர் வாதம். மேனேஜர் விடவில்லை. எனக்கு அந்தக் கடிதத்திலேயே மிகவும் பிடித்தது அந்த வரிதான். அதைப் படித்தால் நிர்வாகி முதியவர்களுக்குக் கீழ்த்தளத்து அறைகளை ஒதுக்கி வைத்துக்கொள்வார். பத்தாம் தேதி திடீரென்று தெரிந்தால் அவரால் என்ன செய்ய முடியும்?

பதில் அன்று மாலையே வந்தது. சர்வீஸுக்கு மதியம் 2 முதல் 4. கூடவே ஒரு கேள்வி: "பணியாளர் பட்டியலில் '13 இரவு' என்று இருக்கிறதே, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு நின்றால் அது 13-ஆ 14-ஆ?" அடடா, என்ன அருமையான கேள்வி! மலையேறப் போகிறவர்கள் விடியலுக்கு முன்பே கிளம்பும் ஊர் அது. ராத்திரி ஒரு மணி அங்கே நெரிசல் நேரம். மேனேஜர் உடனே பட்டியலைத் திருத்தினார்: "13 திங்கள் இரவு 10 முதல் 14 செவ்வாய் காலை 6 வரை." ஒவ்வொரு முறைக்கும் தொடக்கமும் முடிவும் கிழமையோடு.

7-ஆம் தேதி சர்வீஸுக்கு நானும் போனேன். மெக்கானிக் லிஃப்டை ஓடவிட்டு மெயின் சுவிட்சை அணைத்தார். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடிப் பெட்டியைப் பக்கத்துத் தளத்துக்குக் கொண்டுவந்து கதவைத் திறக்கும் கருவி ஒன்று உண்டு, ஏ.ஆர்.டி. என்பார்கள். ஒரு லிஃப்டில் அது ஜம்மென்று வேலை செய்தது. மற்றதில் பெட்டி அசைந்தது, ஊர்ந்தது, பாதியில் நின்றுவிட்டது. பேட்டரி தளர்ந்ததற்கு அதுவே அடையாளம். சும்மா விளக்கு எரிகிறதா என்று பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. அன்றே புதுப் பேட்டரி.

பிறகு அவர் குந்தி உட்கார்ந்து கதவு ஓடும் பள்ளத்தைக் கம்பியால் சுரண்டினார். சாமந்தி இதழ், துளசிக் காம்பு, பாக்குத் தூள், ஒரு சின்ன ஊக்கு! கதவு முழுதாக மூடவில்லை என்றால் லிஃப்ட் கிளம்பாது. நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இந்தப் பள்ளமும் கதவும்தான் காரணம். லாட்ஜ் பையனிடம் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைக் கொடுத்து, "தினம் காலையில ஒரு தடவை தம்பி, மறக்காத. ஆனா ஆள் மாட்டிக்கிட்டா மட்டும் கதவை நெம்பாத. இன்டர்காம்ல பேசிக்கிட்டே இரு, எங்களுக்கு போன் போடு" என்றார். நெம்பித் திறக்கும்போது பெட்டி இரண்டு தளத்துக்கு நடுவே இருக்கலாம். இறங்க முயல்பவர் பெட்டிக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியாகக் குழிக்குள் விழும் ஆபத்து உண்டு.

11-ஆம் தேதி சனிக்கிழமை வாட்ஸப்பில் ஒரு நினைவூட்டல் போனது. அதில் பட்டியலும் எண்களும் மட்டும். வரவேற்பு மேசைக் கண்ணாடிக்கு அடியில் அதை அச்செடுத்து வைத்தார்கள், ஏனென்றால் மின்னஞ்சல் நிர்வாகியின் பெட்டியில் இருக்கும். நள்ளிரவில் போன் எடுப்பவர் இரவுப் பணிப் பையன்.

14 மாலை ஓர் அழைப்பு. இரண்டாம் லிஃப்ட் மூன்றாம் மாடியில் நிற்கிறது, உள்ளே யாரும் இல்லை, முதல் லிஃப்ட் ஓடுகிறது. கடிதப்படி அது 17-க்கான வேலை. ஆனால் பணியில் இருந்தவர் போனிலேயே, "பள்ளத்தைப் பாரு தம்பி" என்றார். பையன் பிரஷ்ஷோடு போனான். லிஃப்ட் ஓடிற்று. 17 காலை மேனேஜர் நிர்வாகிக்கு நான்கு வரி அனுப்பினார்: வந்த அழைப்பு, நேரம், காரணம், அன்று மெக்கானிக் வந்து கதவைச் சோதிக்கப்போகும் மணி. மெக்கானிக் பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தார், கதவின் கீழ் உருளை தேய்ந்திருந்ததைக் கண்டு மாற்றிவிட்டு வந்தார்.