தெரிந்த சொல்லே தடுக்கும்



வெளிநாட்டிலிருந்து நம் வீட்டுக்குப் புதிதாக ஒருவர் வருகிறார். அவரும் தமிழர்தான், பேசுவதும் தமிழ்தான். ஆனாலும் முதல் சில நாள்களில் அவர் விழிப்பதையும் நாம் விழிப்பதையும் பார்க்கிறோம். இதற்குக் காரணம் மலாய்ச் சொற்கள் கலந்திருப்பதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். 'கித்தா' என்ற சொல்லைக் கேட்டதும் புதியவர், "அப்படியென்றால் என்ன?" என்று கேட்டுவிடுவார். 'கெத்தா' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது, ரப்பரைக் குறிப்பது என்று நாமும் சொல்லிவிடுவோம். குழப்பம் அத்தோடு தீர்ந்தது. தெரியாத சொல் நம்மைக் கேட்க வைக்கிறது. தெரிந்த சொல்தான் கேட்கவிடாமல் ஏமாற்றுகிறது.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்ப்போம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் நம் தோட்டத்துக்கு மருமகளாக வந்திருக்கிறாள். விடிவதற்கு முன்பே மாமியார் வேலைக்குக் கிளம்புகிறார். "அம்மாடி, நான் பால் வெட்டப் போறேன். நீ எழுந்து பசியாறிடு. கடை மூணாங்கட்டையில இருக்கு. அஞ்சு வெள்ளி வச்சிருக்கேன், சாமான் வாங்கிக்க" என்கிறார். அவர் சொன்னவற்றில் ஒரு மலாய்ச் சொல்லும் இல்லை. எல்லாம் அந்தப் பெண் பிறந்தது முதல் கேட்ட சொற்கள்தான். ஆனால் அவள் திகைத்து நிற்கிறாள்.

பாலைக் கறப்பார்கள், காய்ச்சுவார்கள். வெட்டுவார்களா? நமக்கோ பால் என்றால் முதலில் மரத்துப் பால்தான் நினைவுக்கு வரும். பட்டையை மெல்லச் சீவி, வடியும் பாலை மங்கில் பிடித்து, பிறகு வாளியில் சேர்ப்பதை அறிந்தவர்கள் நாம். மங்கிலும் வெட்டிலும் உறைந்து நிற்பதை 'ஒட்டுப்பால்' என்போம். மரத்தை வெட்டுவதும் பாலை எடுப்பதும் ஒரே வேலையாகிவிட்டதால் 'பால் வெட்டு' என்ற சொல் பிறந்தது. இன்று பல தோட்டங்களில் கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் பெரியவர்களின் பேச்சில் அந்தச் சொல் நிற்கிறது.

அடுத்தது 'பசியாறு'. நம்மிடையே காலையில் "பசியாறியாச்சா?" என்று கேட்டால், காலை உணவு ஆயிற்றா என்று பொருள். அந்தப் பெண்ணோ, "எனக்கு இன்னும் பசியே எடுக்கலையே அத்தே" என்று பதில் சொல்வாள். அதில் அவள் குற்றம் ஒன்றுமில்லை. அவளுக்கு அது பசியைப் பற்றிய கேள்வி, நமக்கு அது உணவைப் பற்றிய கேள்வி.

'கட்டை' என்றால் அவளுக்கு விறகுக்கட்டை. நமக்கு அது சாலையோரத்து மைல்கல். மலாய்க்காரர் 'பத்து', அதாவது கல், என்று சொல்லி மைலைக் குறித்தது போலவே, நம்மவர் கட்டையைச் சொல்லி மைலைக் குறித்தார்கள். மைல் போய்க் கிலோமீட்டர் வந்த பிறகும் வாய்ப்பேச்சில் கட்டை அப்படியே இருக்கிறது.

'வெள்ளி'யும் அப்படித்தான். தமிழகத்தில் அது ஓர் உலோகம், அல்லது வாரத்தில் ஒரு நாள். இந்நாட்டில் முன்பு புழங்கிய டாலர் நாணயம் வெள்ளியால் ஆனது. ஆகவே நாணயத்தின் பெயரும் வெள்ளியாயிற்று. 1975ஆம் ஆண்டு முதல் பணத்தின் அதிகாரப் பெயர் ரிங்கிட். நம் வாயில் இன்னும் அது வெள்ளிதான்.

இனி யாழ்ப்பாணத்திலிருந்து வருபவரைப் பார்ப்போம். அவர் வீட்டுச் சிறுமி இங்கே பள்ளியில் சேர்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் அழுதபடி வந்து, "டீச்சர் என்னைப் பேசிப்போட்டா" என்கிறாள். நம் வீட்டுப் பாட்டி, "பேசினா நல்லதுதானே கண்ணு, அதுக்கு ஏன் அழுவுறே?" என்று கேட்கிறார். அழுகை இன்னும் கூடுகிறது. யாழ்ப்பாணத் தமிழில் ஒருவரைப் 'பேசுவது' என்றால் ஏசுவது, திட்டுவது. உரையாடுவதற்கு அவர்கள் 'கதைப்பது' என்பார்கள். நம் காதிலோ 'கதை' என்றால் கட்டுக்கதையின் வாடை அடிக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. "என்னோடு பேசினார்" என்றால் உரையாடல். "என்னைப் பேசினார்" என்றால் ஏச்சு. சொல் ஒன்றுதான், அதற்கு முன்னால் வரும் உருபு பொருளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அவர்கள் தமிழ் பிழையானது என்று நாம் சொல்லவும் முடியாது. "அப்பாவிடம் நல்லாப் பேச்சு வாங்கினான்" என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? அதே பொருள் நம்மிடம் ஒரு தொடரில் ஒளிந்திருக்கிறது, அவர்களிடம் வெளிப்படையாக நிற்கிறது.

இதுவரை சொன்னவை சிரிப்போடு முடிபவை. மருந்தகத்தில் நேரும் குழப்பம் அப்படி முடியாது. இலங்கையிலிருந்து வந்த ஒரு தாய், "பிள்ளைக்கு இரண்டு நாளாய் வருத்தம்" என்று சொன்னால், பிள்ளை நோயாய்க் கிடக்கிறது என்று பொருள். நமக்கு வருத்தம் என்பது மனத்துயரம். "வருத்தப்படாதீங்கம்மா" என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டால் என்ன ஆகும்?

இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். மருமகளைப் பார்க்கத் தமிழகத்திலிருந்து அவள் தாய் வந்திருக்கிறார். காலில் ஒரு புண், ஆறவில்லை. மருந்தகத்தில் தமிழ் பேசும் தாதி, "இனிப்பு நீர் இருக்காம்மா?" என்று கேட்கிறார். இனிப்பு நீர் என்பது இங்கே நீரிழிவு நோய்க்கு வழங்கும் பெயர். அந்த அம்மாள் அறிந்தது 'சர்க்கரை வியாதி', அல்லது வெறும் 'சுகர்'. இனிப்பான பானம் ஏதும் கொண்டு வந்திருக்கிறோமா என்று கேட்பதாக எண்ணி, "இல்லைங்க" என்கிறார். ஏட்டிலும் இல்லை என்றே பதிவாகிவிடுகிறது. நீரிழிவு உள்ளவரின் கால்புண்ணுக்குத் தனிக் கவனம் வேண்டும். அந்தக் கவனம் ஒரு சொல்லால் தவறிவிடுகிறது. கேட்டவரும் தமிழர், பதில் சொன்னவரும் தமிழர். தமக்குப் புரியவில்லை என்று இருவருக்குமே தோன்றவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு கேள்வியோடு நிற்கக்கூடாது. பெயரைக் கேட்ட பிறகு அதன் அடையாளத்தையும் கேட்க வேண்டும். "இரத்தத்தில் சீனி அதிகம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரா? அதற்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் எந்த ஊர்த் தமிழருக்கும் புரியும். ஊரிலிருந்து வந்தவரை அழைத்துப் போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரை உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைத் தாதி பார்த்தாலே போதும்.

வீட்டிலும் இதே முறைதான். நாம் கேட்டதற்குச் சற்றும் பொருந்தாத பதில் வந்தால், வந்தவர் காதில் கோளாறு என்று எண்ண வேண்டாம். நாம் சொன்ன ஒரு சொல் அவருக்கு வேறு பொருளில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தச் சொல் எது என்று தேடி, பொருளைக் கையில் எடுத்துக் காட்டியோ, செய்து காட்டியோ சொல்லுங்கள். தஞ்சாவூர் மருமகளை ஒரு நாள் விடியற்காலையில் காட்டுக்கு அழைத்துப்போய், மங்கில் சொட்டும் பாலைக் காட்டிவிட்டால், பாலை எப்படி வெட்டுவது என்று பிறகு அவள் கேட்க மாட்டாள்.