‘சூப்பரா இருக்கு’ என்றால் போதுமா?

கல்யாண பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் கடைக்கு, தைத்துப் போட்டவரே பேசும் அரை நிமிட வீடியோவைவிட நல்ல விளம்பரம் கிடையாது. ஆனால் பல வீடியோக்களில் ஒரே வசனம்தான்: “சூப்பரா தைக்கிறாங்க, எல்லாரும் வாங்க.” பார்ப்பவருக்கு இதில் தெரிந்துகொள்ள எதுவுமில்லை. பேசியவர் மீது குறையில்லை. “நம்ம கடையைப் பத்தி ஏதாவது சொல்லுங்கக்கா” என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் வேறென்ன சொல்வார்?

முதலில் கேட்கும் நேரம். பிளவுஸை வாங்க வரும்போது கேட்கக் கூடாது. அதை அவர் இன்னும் உடுத்தவே இல்லை. முகூர்த்தம் முடிந்து, வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி “அளவு கச்சிதம்” என்று அவராகவே சொல்வார். அப்போதே இப்படிக் கேட்டுவிடலாம்:

“ரொம்ப சந்தோஷம்க்கா. இதையே ஒரு நிமிஷத்துக்குள்ள வீடியோவா பேசி அனுப்ப முடியுமா? மூணே கேள்விதான். இங்க வர்றதுக்கு முன்னாடி பிளவுஸ் தைக்கிறதுல என்ன கஷ்டம் இருந்துச்சு? கல்யாணத்தன்னிக்கு எப்படி இருந்துச்சு? எங்க கடையை யாருக்குச் சொல்வீங்க? முடியலைன்னாலும் பரவாயில்லைக்கா.”

மூன்றில் முதல் கேள்விதான் உயிர். “போன தடவை வேற இடத்துல தைச்சேன். கை இறுக்கமா போய், முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி பிரிச்சுத் தைச்சோம்” என்று ஒருவர் சொன்னால், அதே பயத்தோடு இருக்கும் இன்னொரு பெண் நின்று கேட்பாள். கடைசிக் கேள்விக்கு “கை கொஞ்சம் பருமனா இருக்கிறவங்க தைரியமா குடுக்கலாம்” என்று பதில் வந்தால், யாருக்கு வேண்டிய கடை என்பதும் தெளிவாகிவிடும்.

வசனம் எழுதிக் கொடுக்கவே கூடாது. பார்த்துப் படித்தால் கண் ஓரிடத்தில் நிற்காது. பேச்சும் ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும். தடுமாறிப் பேசினாலும் சொந்தப் பேச்சைத்தான் மக்கள் நம்புகிறார்கள். நம் கேள்வி வீடியோவில் இருக்காது என்பதால், “ஆமா, சரியா இருந்துச்சு” என்பதோடு நிறுத்தாமல், எது சரியாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

படமெடுக்க இரண்டு குறிப்பு போதும். ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும். முதுகு காட்டினால் முகம் இருண்டுவிடும். ஃபேனை நிறுத்த வேண்டும். படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். பலர் சத்தமில்லாமல் பார்ப்பதால், பேச்சை எழுத்தாகவும் போட்டுவிடுங்கள்.

வீடியோவை எங்கெல்லாம் போடப்போகிறீர்கள் என்று சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பதிலுக்குத் தள்ளுபடியோ பரிசோ கொடுத்திருந்தால் அதை வீடியோவிலேயே தெரிவித்துவிடுங்கள். பரிந்துரைப்பவரின் கருத்து உண்மையானதாக இருக்க வேண்டும் என்றும், அவருக்கும் கடைக்கும் உள்ள தொடர்பை மறைக்கக் கூடாது என்றும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சம்மதம் தந்த அந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள். பின்னாளில் அவர் எடுக்கச் சொன்னால், மறுபேச்சின்றி வீடியோவை எடுத்துவிடுங்கள்.