எட்டு லாபம், மூன்று நஷ்டம், கையில் மிச்சம் எதுவுமில்லை

ஒரு டிரேடர் 5 லட்சம் ரூபாய் முதலோடு பங்குகளில் இன்ட்ராடே செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வகுத்துக்கொண்ட விதி ஒன்றுதான். எந்த டிரேடிலும் முதலில் ஒரு சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது, அதாவது 5,000 ரூபாய். 400 ரூபாய்ப் பங்கை வாங்கி 390-இல் ஸ்டாப்லாஸ் வைக்கிறார். பங்குக்குப் பத்து ரூபாய் ரிஸ்க் என்பதால் 500 பங்குகள். விலை 412-க்கு வந்தால் விற்றுவிடுவார்.

முதல் நான்கு டிரேடும் லாபம். ஒவ்வொன்றிலும் 6,000 வீதம் 24,000 ரூபாய் சேர்ந்தது. ஐந்தாவது டிரேடில் 500 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 700 என்று அடித்தார். அதுவும் லாபம், ஆறாவதும் லாபம். ஏழுக்கும் எட்டுக்கும் 1,000 பங்குகள் போட்டார், இரண்டும் லாபம். கணக்கில் இப்போது 64,800 ரூபாய் கூடியிருக்கிறது.

ஒன்பதாவது டிரேடில் 1,500 பங்குகள். அதோடு, ஸ்டாப்பைத் தொட்டுவிட்டுப் பங்கு மேலே போய்விடுகிறதே என்ற எண்ணத்தில் ஸ்டாப்பையும் பத்து ரூபாயிலிருந்து பதினைந்துக்குத் தள்ளிவைத்தார். ஒரு டிரேடின் ரிஸ்க் இப்போது 22,500 ரூபாய், அதாவது முதலில் 4 சதவீதம். “இனி ரிஸ்க்கை நாலு மடங்காக்கப் போகிறேன்” என்று அவர் ஒருபோதும் முடிவெடுக்கவில்லை. எண்ணிக்கையைக் கொஞ்சம் ஏற்றினார், ஸ்டாப்பைக் கொஞ்சம் நகர்த்தினார், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டன. எண்ணிக்கை மூன்று மடங்கு, தூரம் ஒன்றரை மடங்கு, ஆக நாலரை மடங்கு.

அவருடைய ஆப்பும் எச்சரிக்கவில்லை. 1,500 பங்கின் மதிப்பு 6 லட்சம் ரூபாய், அவருடைய மொத்த முதலைவிட அதிகம். ஆனால் இன்ட்ராடேக்கு 20 சதவீத மார்ஜின் இருந்தால் போதுமென்றால் திரை கேட்பது 1,20,000 ரூபாயைத்தான். கணக்கில் பணம் தாராளமாக இருப்பதுபோலத் தெரியும். மார்ஜின் என்பது ப்ரோக்கர் தன் பாதுகாப்புக்காகக் கேட்கும் தொகை. நாம் எவ்வளவு இழக்கலாம் என்பதை அது சொல்வதே இல்லை. புதிதாக வருபவர்கள் மிக அதிகமாகக் குழம்புவது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றும் ஸ்டாப்பில் அடிபட்டன. நஷ்டம் 67,500. எட்டு டிரேடில் சேர்த்தது முழுவதும் போய், முதலிலும் 2,700 ரூபாய் குறைந்துவிட்டது. ப்ரோக்கரேஜும் வரியும் இதற்கு மேல். கடைசி வரை 500 பங்கிலும் பத்து ரூபாய் ஸ்டாப்பிலும் நின்றிருந்தால் அதே பதினொரு டிரேடில் 48,000 வந்து 15,000 போயிருக்கும், கையில் 33,000 மிஞ்சியிருக்கும். வாங்கிய பங்குகளும் நேரமும் அதேதான். மாறியது அளவு மட்டும்.

இதை அவருடைய துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. தொடர் வெற்றி என்பது எப்போதும் ஒரு தோல்வியில்தான் முடியும், தோல்வி வந்தால்தான் அது முடிந்ததாகவே அர்த்தம். ஆகவே ஒவ்வொரு வெற்றிக்கும் அளவை ஏற்றிக்கொண்டே போகிறவர், அந்த வரிசையிலேயே மிகப் பெரிய அளவைப் போட்டிருக்கும்போதுதான் அந்தத் தோல்வியைச் சந்திப்பார். சந்தை அவருக்கு எதிராக எதுவும் செய்ய வேண்டியதில்லை. சிறிய அளவில் ஜெயித்து, பெரிய அளவில் தோற்கும்படி அவரே ஏற்பாடு செய்துவிடுகிறார்.

ஏன் கை தானாக மேலே போகிறது? ஒரு காரணத்தை ரிச்சர்ட் தேலரும் எரிக் ஜான்சனும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். அண்மையில் ஜெயித்த பணத்தை மனிதர்கள் தங்கள் பணமாகவே எண்ணுவதில்லை. சூதாட்ட விடுதியின் பணத்தை வைத்து ஆடுவதுபோல நினைத்துக்கொண்டு, சாதாரணமாக எடுக்கத் தயங்கும் ரிஸ்க்கை எடுக்கிறார்கள். நம் டிரேடரும் ஒன்பதாவது டிரேடில் “போனாலும் லாபத்திலிருந்துதானே போகும்” என்றுதான் நினைத்திருப்பார். அந்த 64,800 ரூபாய் வங்கிக்கு வந்தால் அது வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம். கணக்கில் இருக்கும்வரைதான் அது “லாபப் பணம்”.

இன்னொரு காரணம், எட்டு முறை தொடர்ந்து ஜெயித்தால் அது தன் திறமைதான் என்று தோன்றிவிடுவது. காசைச் சுண்டிப் பார்த்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். 100 முறை சுண்டினால், எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து ஆறு தலை விழுவதற்கான வாய்ப்பு பாதிக்கும் சற்று மேல், ஏறத்தாழ 54 சதவீதம். எந்தத் திறமையும் இல்லாமலே இது நடக்கும். பத்து டிரேடில் ஆறில் ஜெயிக்கும் முறை உள்ளவருக்கு நீளமான வரிசைகள் இன்னும் எளிதாக வரும். முறை மேம்பட்டுவிட்டது என்பதற்கு அவை சாட்சி அல்ல. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் வணிகம் செய்த தனிநபர்களில் சுமார் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்ததாக செபி தன் ஆய்வில் சொன்னது. அவர்களில் எத்தனையோ பேர் இடையில் ஒரு நல்ல வாரத்தைப் பார்த்திருப்பார்கள்.

இனி அளவை நிலையாக வைக்கும் வழிகளுக்கு வருவோம். “மனதைக் கட்டுப்படுத்து” என்பதால் பயனில்லை. லாபத்தில் இருக்கும் மனம் தான் கட்டுப்பாட்டோடு இருப்பதாகவே நம்பும். எனவே அளவை முடிவு செய்யும் வேலையை அந்த நேரத்து மனதிடமிருந்து எடுத்துவிட வேண்டும்.

எண்ணிக்கையைக் கையால் அடிக்காமல் வகுத்தலில் வரவைப்பது முதல் வழி. ரிஸ்க் தொகையை, வாங்கும் விலைக்கும் ஸ்டாப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். ரிஸ்க் 5,000, வித்தியாசம் 10 என்றால் 500 பங்குகள். ஸ்டாப்பைப் பதினைந்து ரூபாய் தள்ளிவைக்க நியாயமான காரணம் இருந்தால் வைக்கலாம், ஆனால் எண்ணிக்கை 333 ஆகிவிடும். ஸ்டாப் விரிந்தால் அளவு சுருங்கும். நம் டிரேடர் இரண்டையும் ஒரே நேரத்தில் விரித்தார். இந்தச் சூத்திரத்தை எக்ஸெல் தாளில் போட்டு வைத்திருந்தால் அப்படி ஒரு எண் அவருக்கு வந்தே இருக்காது.

அந்த 5,000-ஐ எப்போது மாற்றலாம் என்பது அடுத்த கேள்வி. முதல் வளர்ந்தால் ரிஸ்க் தொகையும் வளர வேண்டியதுதான். 48,000 லாபத்துக்குப் பிறகு முதல் 5,48,000, அதில் ஒரு சதவீதம் 5,480. ஆக எட்டு வெற்றி நியாயமாகக் கொடுக்கும் உயர்வு 480 ரூபாய்தான். அதையும் டிரேடுக்கு டிரேட் மாற்றாமல், மாதத்தின் முதல் வணிக நாளில் மட்டும் மாற்றுவது நல்லது. ஏற்றுவதற்கு மாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டும், இறக்குவதை அன்றே செய்யலாம். முறை நன்றாக இருக்கிறது, சதவீதத்தையே உயர்த்த வேண்டும் என்று தோன்றினால் எட்டு டிரேடை வைத்து அதை முடிவு செய்யக் கூடாது. குறைந்தது நூறு டிரேடாவது பதிவில் இருக்கட்டும், அதில் சந்தை இறங்கிய காலமும் இருக்கட்டும்.

பதிவுப் புத்தகத்தில் பெரும்பாலோர் லாப நஷ்டத்தை மட்டும் எழுதுகிறார்கள். ஆர்டர் போடுவதற்கு முன்பே எழுத வேண்டிய ஒரு பத்தி உண்டு. இந்த டிரேடில் எத்தனை ரூபாய் போகலாம், அது அன்றைய முதலில் எத்தனை சதவீதம் என்பதே அது. நம் டிரேடர் எழுதியிருந்தால் அது 1 என்று தொடங்கி, ஐந்தாவது டிரேடில் 1.3, ஏழாவதில் 1.8, ஒன்பதாவதில் 4 என்று ஏறியிருக்கும். லாபப் பத்தி எட்டு டிரேடுக்கும் நல்லபடியாகத்தான் தெரிந்தது, ஆபத்து இந்தப் பத்தியில் ஐந்தாவது டிரேடிலேயே தெரிந்திருக்கும். சனிக்கிழமை காலை உட்கார்ந்து, லாபத்துக்கு அடுத்து வந்த டிரேடுகளின் சராசரி ரிஸ்க்கையும் நஷ்டத்துக்கு அடுத்து வந்தவற்றின் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அளவு நிலையாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் உங்கள் அளவை விதி தீர்மானிக்கவில்லை, முந்தைய டிரேடின் முடிவு தீர்மானிக்கிறது.

இந்தப் பத்தியிலும் ஒரு ஓட்டை உண்டு. ஒரே நேரத்தில் மூன்று வங்கிப் பங்குகளை ஆளுக்கு ஒரு சதவீத ரிஸ்க்கில் வாங்கினால் எழுத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் ரிசர்வ் வங்கியிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தால் மூன்றும் சேர்ந்தே இறங்கக்கூடும். ஒரே துறையில் திறந்திருப்பவற்றை ஒரே டிரேடாகக் கூட்டிக்கொள்வதும், மொத்தத்துக்கு மூன்று சதவீதம் போல ஒரு உச்சவரம்பு வைப்பதும் இதற்காகத்தான்.

லாபத்தை மாதாமாதம் வங்கிக்கு எடுத்துவிடுங்கள் என்பதும் நல்ல யோசனைதான். “லாபப் பணம்” என்ற மயக்கம் அதில் குறையும். ஆனால் எடுத்த பிறகு மிச்சமிருக்கும் முதலுக்கு ஏற்ப அளவையும் குறைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டவர்களில் உலகப் புகழ்பெற்றது, 1994-இல் வணிகத்தைத் தொடங்கிய லாங் டேர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க ஹெட்ஜ் ஃபண்ட். அதன் பங்குதாரர்களான மைரன் ஷோல்ஸும் ராபர்ட் மெர்ட்டனும் 1997-இல் பொருளாதார நோபல் பெற்றவர்கள். 1995, 1996 இரண்டு ஆண்டுகளிலும் முதலீட்டாளர்களுக்கு 40 சதவீதத்துக்கு மேல் லாபம் கிடைத்தது. 1997-இன் முடிவில், முதல் தேவைக்கு மேல் இருக்கிறது என்று சுமார் 270 கோடி டாலரை முதலீட்டாளர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். பொசிஷன்களை அதற்கேற்பக் குறைக்கவில்லை. சுமார் 12,500 கோடி டாலர் சொத்தை அதுவரை 740 கோடி டாலர் முதல் தாங்கியிருந்தது, பிறகு 470 கோடி தாங்கியது. புதிதாக ஒரு டிரேடுகூடப் போடாமலே, முதலுக்கும் சொத்துக்குமான விகிதம் 17 மடங்கிலிருந்து 27 மடங்குக்கு ஏறிவிட்டது. 1998 ஆகஸ்டில் ரஷ்யா கடனைத் திருப்பித் தராமல் நிறுத்தியபோது அவர்களுடைய பொசிஷன்கள் பலவும் ஒன்றாகச் சரிந்தன. செப்டம்பரில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் கூட்டிய பேச்சுவார்த்தையில் 14 வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டு அதைக் கையிலெடுத்தன.

இத்தனைக்கும் பிறகு ஒரு எல்லை இருக்கிறது. ஸ்டாப்லாஸ் ஒரு ஆர்டர்தான், விலைக்கு அது உத்தரவாதம் இல்லை. பங்கு லோயர் சர்க்கியூட்டில் பூட்டிக்கொண்டால் வாங்க ஆளிருக்காது. இரவு முழுக்க வைத்திருந்தால் காலையில் ஸ்டாப்புக்குக் கீழே திறக்கலாம். 2024 ஜூன் 3 அன்று தேர்தல் கருத்துக்கணிப்புகளை நம்பி நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது, மறுநாள் வாக்கு எண்ணிக்கையின்போது கிட்டத்தட்ட 6 சதவீதம் இறங்கியது. முதல் நாள் லாபத்தைப் பார்த்து அளவை இரட்டிப்பாக்கியிருந்தால், முந்தைய நாளின் லாபத்தைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு மறுநாளே போயிருக்கும். அதனால் பெரிய அறிவிப்புள்ள நாட்களில், ஸ்டாப்பைவிட மூன்று மடங்கு தள்ளி வெளியேற நேர்ந்தால் என்ன போகும் என்றும் ஒரு முறை கணக்குப் போட வேண்டும். ஒரு சதவீத விதியில் அது மூன்று சதவீதம், அடுத்த வாரம் தொடரலாம். நாலு சதவீதத்தில் நிற்பவருக்கு அது பன்னிரண்டு சதவீதம்.